கோழிப்பேனும் மாட்டுப்பேனும்: மருந்துக்கு முன் பேனின் தலையைப் பாருங்கள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



இடவப்பாதி மழை பிடித்து நாலு வாரம் ஆகிவிட்டால் நம் அலுவலகத்துக்கு ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கும். "கோழி முட்டையை விட்டுவிட்டது, உடம்பெல்லாம் பேன்." "மாடு தென்னையில் உரசி உரசி கழுத்து மயிரெல்லாம் போய்விட்டது." இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து சொல்லுங்கள் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அப்படி ஒரே மருந்து கிடையாது. அதற்குக் காரணம் பேனின் வாயில் இருக்கிறது. இந்த இதழில் அதை மட்டும் எடுத்துக்கொண்டு விளக்குகிறோம். நம் டிரஸ்ட் மூலம் கறவை மாடும் நாட்டுக்கோழியும் பெற்ற குடும்பங்கள் இதைக் கவனமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டு வகைப் பேன்

பேன்களில் மெல்லும் பேன், உறிஞ்சும் பேன் என்று இரண்டு வகை உண்டு. மெல்லும் பேனுக்குத் தாடை இருக்கிறது. அது இறகையும், தோலில் உதிரும் பொருக்கையும், மயிரையும் கடித்துத் தின்கிறது. உறிஞ்சும் பேனுக்கு இருப்பது ஊசி போன்ற வாய். அது தோலைத் துளைத்து இரத்தத்தைக் குடிக்கிறது. நம் பிள்ளைகளின் தலையில் வரும் பேன் இந்த இரண்டாம் வகை. அதை நசுக்கினால் நகத்தில் இரத்தம் ஒட்டுவதை எல்லா உம்மாமாரும் பார்த்திருப்பீர்கள்.

கோழிக்கு, அல்லது வேறு எந்தப் பறவைக்கும், உறிஞ்சும் பேன் வருவதில்லை. பறவையின் மேல் இருக்கும் பேன் எல்லாமே மெல்லும் வகைதான். மாட்டுக்கும் ஆட்டுக்கும் இரண்டு வகையும் வரும், சில நேரம் ஒரே மாட்டில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஆகவே கோழியில் எந்த வகை என்று தேட வேண்டியதில்லை. மாட்டில் மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பேன் தனக்குரிய பிராணியை விட்டு வேறு இடத்தில் குடும்பம் நடத்தாது. கோழிப்பேன் நம் கையில் ஏறி ஊரலாம், ஆனால் நம் தலையில் தங்கி முட்டையிட்டுப் பெருகாது. பிள்ளைகளின் தலைப்பேன் கோழிக்கூட்டிலிருந்து வந்தது என்று கோழியைக் குறை சொல்வது சரியல்ல.

எப்படிப் பார்ப்பது

பகல் வெளிச்சத்தில், மாட்டின் மயிரை இரண்டு கையாலும் வகிடு எடுப்பதுபோல் பிரித்துப் பாருங்கள். கழுத்து, அலைதாடி, கண்ணைச் சுற்றி, காதுக்குப் பின்னால், முதுகுத்தண்டு, வால் முளைக்கும் இடம், வால் குஞ்சம் ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். அகப்படும் பேனைப் பசை நாடாவில் ஒட்டி, வெள்ளைத் தாளில் வைத்து, பூதக்கண்ணாடியாலோ கைபேசிக் கேமராவில் பெரிதாக்கியோ தலையைக் கவனியுங்கள்.

தலை நெஞ்சைவிட அகலமாக, முன்பக்கம் மழுங்கி இருந்தால் அது மெல்லும் பேன். மாட்டில் இது சுமார் 2 மில்லிமீட்டர் இருக்கும். செம்பழுப்புத் தலை, மஞ்சள் வயிறு. மயிரைப் பிரித்ததும் ஓடி ஒளியப் பார்க்கும்.

தலை நெஞ்சைவிடக் குறுகி, முன்பக்கம் கூராக இருந்தால் அது உறிஞ்சும் பேன். சாம்பல் அல்லது நீலம் கலந்த கறுப்பு நிறம். வகையைப் பொறுத்து 2 முதல் 5 மில்லிமீட்டர் வரை வளரும். இது ஓடாது. தலையைத் தோலில் புதைத்துக்கொண்டு, கொக்கி போன்ற நகங்களால் மயிரைப் பிடித்தபடி ஒரே இடத்தில் கூட்டமாக இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அழுக்குத் திட்டுபோலத் தெரியும்.

கோழியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் குதத்தைச் சுற்றியுள்ள பகுதி. கோழியை மல்லாத்திப் பிடித்து இறகை விலக்கினால் வைக்கோல் நிறப் பேன் சிதறி ஓடும். அங்குள்ள இறகின் அடியில் வெள்ளையாகக் கட்டிபோல ஒட்டியிருப்பது அதன் ஈர். பிறகு இறக்கையின் உட்புறத்தையும், குஞ்சுகளுக்குத் தலையையும் கழுத்தையும் பாருங்கள். கோழியின் உடற்பேனை நசுக்கும்போது சில நேரம் இரத்தம் தெரியலாம். அது முளைக்கும் இறகின் குருத்தைக் கடித்துக் கசியும் இரத்தத்தைக் குடிப்பதால் வருவது. அதனால் அது உறிஞ்சும் வகையாகிவிடாது. இரத்தத்தை வைத்து முடிவு செய்யாமல் தலையின் அகலத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பேன் என்று நினைப்பது பேனாக இல்லாதபோது

அடைக்கோழியைத் தூக்கிய கையில் பொடிப்பொடியாக ஏறி, வீட்டுக்குள்ளும் வந்து, ஆட்களைக் கடித்து அரிக்க வைக்கும் ஒன்று உண்டு. அதையும் கோழிப்பேன் என்றுதான் சொல்கிறோம். சிலர் செள்ளு என்பார்கள். உண்மையில் அது பேன் அல்ல. பேனுக்கு ஆறு கால், இதற்கு எட்டு. கோழியின் உடம்பில் மட்டும் தங்காமல் அடைக்கூடையிலும், வைக்கோலிலும், கூட்டுப் பலகையின் இடுக்கிலும் இது வாழ்கிறது. இதில் ஒரு வகை பகலில் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் மட்டும் வந்து இரத்தம் குடிக்கும். அதனால் பகலில் கோழியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கோழி மட்டும் நாளுக்கு நாள் வெளுத்து மெலியும்.

இதற்குக் கோழியின் மேல் மட்டும் பொடி தூவிப் பலன் இல்லை. பழைய வைக்கோலை அப்புறப்படுத்தி, கூட்டைக் கழுவி வெயிலில் காயவைத்து, இடுக்குகளுக்கு மருந்து அடிக்க வேண்டும். பேன் இதற்கு நேர்மாறு. அதன் வாழ்க்கை முழுவதும் பிராணியின் உடம்பிலேயே கழியும். கீழே விழுந்தால் அதிகபட்சம் ஒரு வாரம்போல் தாக்குப்பிடிக்கும். ஆகவே பேனுக்கு முதல் வேலை உடம்பில், செள்ளுக்கு முதல் வேலை கூட்டில்.

என்ன சேதம்

மெல்லும் பேன் கோழியை உடனே கொல்வதில்லை. ஓயாத அரிப்பால் கோழி சரியாக மேயாது, தூங்காது. இறகு முறியும், குதத்தைச் சுற்றித் தோல் சிவந்து பொருக்குத் தட்டும், முட்டை குறையும். அடைக்கோழி இருப்புக்கொள்ளாமல் எழுந்து எழுந்து போவதால் முட்டை கூமுட்டையாகும். தாயிடமிருந்து தலைப்பேன் ஏறிய குஞ்சுகள் வாடிச் சாகவும் கூடும்.

மாட்டில் மெல்லும் பேன் செய்வது பெரும்பாலும் தோல் சேதம். மாடு உரசி மயிர் உதிர்க்கும். உறிஞ்சும் பேன் அத்தோடு இரத்தத்தையும் எடுக்கிறது. பெரிய பசு தாங்கிக்கொள்ளும், கன்று தாங்காது. கன்றின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் அது இரத்தசோகை. அப்போது பேன் மருந்தோடு நிற்காமல் கன்றைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். குடற்புழுவும் சேர்ந்திருக்கக்கூடும்.

மயிர் உதிர்ந்த இடத்தில் தேடியும் பேனோ ஈரோ கிடைக்கவில்லை என்றால் அது படர்தாமரையாகவோ சொறியாகவோ இருக்கலாம். பேன் மருந்தை அதில் அடித்துப் பார்த்து நாளைக் கடத்த வேண்டாம்.

மழைக்காலத்தில் பேன் பெருகுவது ஏன் என்று கேட்கிறார்கள். நல்ல வெயில் தோலைச் சுடும்போது பேனும் ஈரும் அழிகின்றன. மழை நாளில் மாடுகள் இருட்டான தொழுவத்தில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. மயிர் ஈரமாக அடர்ந்து கிடக்கிறது. ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குப் பேன் நடந்தே போய்விடுகிறது. கோழிகளும் கூட்டுக்குள் நெருங்கி அடைகின்றன, மண் நனைந்து கிடப்பதால் அவற்றால் மண் குளிக்கவும் முடிவதில்லை.

வாய்க்கு ஏற்ற மருந்து

இப்போது பலர் கேட்டு வாங்குவது ஐவர்மெக்டின் ஊசி. இந்த மருந்து தோலுக்கடியில் போடப்பட்டு இரத்தத்தில் கலக்கிறது. இரத்தம் குடிக்கும் பேன் அதைக் குடித்துச் சாகிறது. மெல்லும் பேன் பொருக்கையும் மயிரையும் தின்பதால் அதன் வயிற்றுக்குப் போதிய மருந்து போய்ச் சேருவதில்லை. மாட்டில் இருப்பது மெல்லும் பேன் என்றால் ஊசிக்குக் கொடுத்த காசு பெரும்பாலும் வீண். தலையைப் பாருங்கள் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

அதைவிட முக்கியமானது, பால் கறக்கும் பசுவுக்கு இந்த ஊசி கூடாது. மருந்து பாலில் வரும். இறைச்சியிலும் அது வாரக்கணக்கில் தங்கும். பக்ரீதுக்கு வாங்கிக் கட்டியிருக்கும் பிராணிக்குப் பேன் இருக்கிறதென்று குர்பானிக்குச் சில நாள் முன்னால் இதைப் போடுவது, அந்த இறைச்சியை வாங்கும் ஏழைகளுக்கு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதாகும். தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டுபிடித்து, அதை மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நமக்குத் தெரியும். பாலில் மறைந்திருக்கும் மருந்தும் அந்த ஈரத்தைப் போன்றதுதான்.

கோழிக்குப் பொருத்தமானது பொடி. பேன் இறகுக்குள் ஓடித் திரிவதால் பொடி அதன் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் கோழியை நனைக்காமலும் இருக்கலாம். மாட்டுக்குப் பொருத்தமானது தெளிப்பு. தோல் வரை நனையும்படி தெளித்தால் இரண்டு வகைப் பேனுமே மருந்தில் படும்.

எந்தப் பொடி என்பதில் எச்சரிக்கை தேவை. பழைய ஆட்கள் காமாக்சின் பொடியையும் செவின் பொடியையும் இன்னும் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். காமாக்சின் என்ற பி.எச்.சி. 1997-இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. செவினில் இருந்த கார்பரில், மத்திய அரசு 2018 ஆகஸ்டில் தடை செய்த மருந்துகளில் ஒன்று. யாராவது பழைய டப்பாவை வைத்திருந்தால் பயன்படுத்த வேண்டாம். வாழைக்குப் போடும் குருணையையும் நெல்லுக்கு அடிக்கும் மருந்தையும் கோழிக்கூட்டுப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கால்நடை மருந்தகத்தில் காட்டி, கோழிக்கு என்று லேபிளில் எழுதியிருக்கும் பொடியை மட்டும் வாங்குங்கள். மருந்து போட்டபின் எத்தனை நாள் முட்டையை விலக்க வேண்டும் என்பதையும் லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டின் கணக்கு

நம் பயனாளி ஒருவரின் வீட்டில் கறவைப் பசு ஒன்று, நாலு மாதக் கன்று ஒன்று, கோழிகள் ஒன்பது. பசுவின் முதுகிலும் வாலடியிலும் அகலத் தலைப் பேன் இருந்தது. கன்றின் கழுத்திலும் அலைதாடியிலும் நீலக்கறுப்பாகக் கூர்த்தலைப் பேன் திட்டுத்திட்டாக இருந்தது. கோழிகளில் ஏழில் பேன். "எல்லாத்துக்கும் ஊசி போட்டால் தீர்ந்துவிடும் என்று பக்கத்தில் சொன்னார்கள்" என்றார் அந்தத் தாய். பசு கறவையில் இருப்பதாலும், அதில் இருந்தது மெல்லும் பேன் என்பதாலும் ஊசி இரண்டு வகையிலும் பொருந்தாது. மருத்துவரிடம் காட்டச் சொன்னோம். கன்றின் இமை வெளுக்கவில்லை என்று பார்த்து, இரண்டுக்கும் டெல்டாமெத்ரின் தெளிப்பையும் கோழிக்குப் பொடியையும் அவர் எழுதிக் கொடுத்தார்.

கடையில் கிடைத்த டெல்டாமெத்ரின் ஒரு மில்லியில் 12.5 மில்லிகிராம் உள்ளது. லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி என்று சீட்டில் இருந்தது. பசுவுக்கு 4 லிட்டர், கன்றுக்கு 2 லிட்டர், ஆக 6 லிட்டர் தண்ணீருக்கு 12 மில்லி மருந்து. மூடியால் அளக்காமல் ஊசிக்குழலால் அளந்தார்கள். உங்கள் மருந்தின் அடர்த்தி வேறாக இருக்கலாம். இந்த அளவை அப்படியே எடுக்காமல் உங்கள் சீட்டில் உள்ளதைப் பின்பற்றுங்கள்.

மழை விட்ட ஒரு காலையில் பால் கறந்து முடித்து, பசுவுக்கும் கன்றுக்கும் வயிறு நிறையத் தண்ணீர் காட்டினார்கள். தாகமாக இருந்தால் வழியும் மருந்தை நக்கும். கையுறை போட்டு, முகத்தை மூடி, கைத்தெளிப்பானால் மயிரின் போக்குக்கு எதிராகத் தெளித்து, மயிர் அடர்ந்த இடங்களில் கையால் தேய்த்துவிட்டார்கள். மேலோட்டமாகப் பனிபோல் தெளித்தால் மருந்து மயிர் நுனியோடு நின்றுவிடும். கண்ணிலும் வாயிலும் படாமல் முகத்தைத் துணியால் துடைத்து நனைத்தார்கள். உடம்பு காயும்வரை கன்றைத் தனியே கட்டி, அடுத்த கறவைக்கு முன் மடியை நன்றாகக் கழுவினார்கள். பாலை எத்தனை வேளை விலக்குவது என்பதையும் மருத்துவரிடம் கேட்டு அதன்படி நடந்தார்கள். மிஞ்சிய மருந்தைத் தோட்டிலோ குளத்திலோ ஊற்றவில்லை. இந்த மருந்து மீனைக் கொல்லும், பூனைக்கும் ஆகாது. கிணற்றுக்கும் குளத்துக்கும் தள்ளி ஒரு மேட்டில் குழி எடுத்து ஊற்றி மூடினார்கள்.

கோழிகளை அன்று மாலை, அடையும் நேரத்தில் பிடித்தார்கள். பேன் தெரிந்த ஏழுக்கு மட்டுமல்ல, ஒன்பதுக்கும் பொடி போட்டார்கள். குதத்தைச் சுற்றி, தொடை இடுக்கில், இரண்டு இறக்கைக்கும் அடியில், முதுகில், கழுத்தில் ஒவ்வொரு சிட்டிகை தூவி, இறகை எதிர்ப்பக்கமாகத் தடவித் தோலுக்கு இறக்கினார்கள். மூக்கிலும் கண்ணிலும் படவில்லை. கூட்டு வைக்கோலையும் மாற்றினார்கள்.

இரண்டாம் தவணை

எத்தனை நல்ல மருந்தும் பேனைக் கொல்லும், ஈரைக் கொல்லாது. பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். கோழிப்பேனின் ஈர் 4 முதல் 7 நாளில் பொரிக்கிறது. மாட்டின் மெல்லும் பேனுக்கு 7 முதல் 10 நாள் ஆகும், உறிஞ்சும் பேனுக்கு அதைவிடக் கூடுதலாகும். பொரித்த குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளாவது வேண்டும். ஈர்கள் பொரித்த பிறகு, அந்தக் குஞ்சுகள் முட்டையிடும் முன்னால், இடைப்பட்ட நாளில் இரண்டாம் தவணை விழ வேண்டும். கோழிக்குப் பத்தாம் நாள், மாட்டுக்குப் பதினான்காம் நாள் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். அந்த வீட்டில் இரண்டு தேதியையும் நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்தார்கள்.

இடையில் இரண்டு முறை சோதியுங்கள். மூன்றாம் நாள் பார்க்கும்போது பெரியதும் சிறியதுமாக உயிருள்ள பேன் நிறைய இருந்தால், மருந்து தோலுக்குப் போகவில்லை, அல்லது அந்த மருந்து அங்கே வேலை செய்யவில்லை. மருத்துவரிடம் சொல்லி மாற்ற வேண்டும், நாமாக அளவைக் கூட்டக் கூடாது. மூன்றாம் நாள் ஒன்றும் இல்லாமல் இருந்து, பத்தாம் நாளை ஒட்டிப் பொடிப் பேன் மட்டும் தெரிந்தால் பயம் வேண்டாம். அவை ஈரிலிருந்து புதிதாகப் பொரித்தவை. இரண்டாம் தவணை அவற்றுக்குத்தான். அந்தக் கன்றுக்கும் அப்படித்தான் தெரிந்தது. பதினான்காம் நாள் திரும்பத் தெளித்து, இருபத்தெட்டாம் நாள் பார்த்தபோது கழுத்தில் காலி ஈர்க்கூடுகள் மட்டும் மயிரில் ஒட்டியிருந்தன, புதுமயிர் முளைக்கத் தொடங்கியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

மறுபடி வராமல்

புதிதாக வாங்கும் மாட்டையும் கோழியையும் இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். சந்தையிலிருந்து வரும் பிராணியோடுதான் பேன் பெரும்பாலும் வீட்டுக்கு வருகிறது. மழை நனையாத ஓரத்தில் ஒரு பழைய மரப்பெட்டியில் காய்ந்த மணலும் சலித்த அடுப்புச் சாம்பலும் சமமாகக் கலந்து வையுங்கள். கோழிகள் தாமே அதில் புரண்டு பேனைக் குறைத்துக்கொள்ளும். முற்றிய பேனுக்கு இது மட்டும் போதாது, ஆனால் மருந்து போட்டபின் கோழியைச் சுத்தமாக வைத்திருக்க நன்றாக உதவும். மழை வெறித்த நாளில் மாட்டை வெயிலில் கட்டி முதுகைத் தேய்த்துவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் நாடாவில் ஒட்டிய பேனையே அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டலாம். மாட்டைக் கொண்டுபோக முடியாத நிலையில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியின் உதவி கிடைக்கும். கைத்தெளிப்பான் இல்லாத பயனாளிகள் நம் அலுவலகத்தில் பெயர் எழுதி எடுத்துச் சென்று, கழுவித் திருப்பித் தரலாம்.

நம் கையில் இருக்கும் வாயில்லா ஜீவன்கள் அல்லாஹ் தந்த அமானிதம். அவற்றின் அரிப்பை அவற்றால் சொல்ல முடியாது, நாம்தான் மயிரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் கன்றுகளின் குடற்புழு நீக்கம் பற்றி எழுதுகிறோம்.

வஸ்ஸலாம்.

செயலாளர்